ஒரு சேலை, மூன்று வீடியோ: விற்றது எது?

"அண்ணா, இளம்பிள்ளையிலிருந்து சாஃப்ட் சில்க் சேலை ஆன்லைனில் விற்கிறேன். மூன்று வீடியோ ஓடுகிறது. யூடியூபில் தறி ஓடுவதைக் காட்டும் ஒன்றரை நிமிட வீடியோ, இன்ஸ்டாவில் சேலையைக் கட்டிக் காட்டும் ரீல், அப்புறம் சைட்டுக்கு வந்து போனவர்களுக்கு மட்டும் ஆஃபர் ரீல். போன மாதம் வந்த ஆர்டர் 180. ஆனால் யூடியூப் 52 என்கிறது, இன்ஸ்டா 115 என்கிறது, கூகுள் தேடல் விளம்பரம் 61 என்கிறது. கூட்டினால் 228! கடைசிக் கிளிக் கணக்குப்படி தறி வீடியோவுக்கு வெறும் 6. நிறுத்திவிடலாம் என்கிறான் தம்பி. ஜனங்கள் நாலைந்து தடவை பார்த்துவிட்டுத்தானே வாங்குகிறார்கள்? யாருக்கு எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது?"

தம்பி பேச்சைக் கேட்டு இப்போதே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அந்த வீடியோ இல்லாவிட்டால் எத்தனை சேலை விற்காமல் போயிருக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு 6 என்பதும் பதில் இல்லை, 52 என்பதும் பதில் இல்லை.

முதலில் அந்த 228. யூடியூபும் கூகுள் தேடலும் ஒரே கூகுள் ஆட்ஸ் கணக்கில் ஓடினால், ஒரு ஆர்டரை இரண்டும் முழுசாக எடுத்துக்கொள்ளாது. தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். 52, 61 என்பதற்குப் பதிலாக 51.8, 61.2 என்று அரைகுறை எண்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுதான் காரணம். ஆக கூகுள் பக்கம் மொத்தம் 113, இன்ஸ்டா பக்கம் 115. இந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றின் கணக்கை ஒன்று பார்ப்பதில்லை. குறைந்தது 48 ஆர்டருக்கு இரண்டுமே முழு உரிமை கொண்டாடுகின்றன. எந்த விளம்பரமும் பார்க்காமல், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வந்தவர்களையும் கழித்தால் இந்த இரட்டைக் கணக்கு இன்னும் பெரிதாகும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் "பெண் பார்த்துக் கொடுத்ததே நான்தான்" என்று நாலு பேர் சொல்வார்களே, அந்த மாதிரி. நாலு பேருமே ஏதோ ஒரு வேலை செய்திருப்பார்கள்.

இதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை வாடிக்கையாளர் மறுபடி திறந்தால் இன்னொரு விற்பனையாகப் பதிவாகிறதா பாருங்கள். ஆர்டர் எண்ணை `transaction_id` ஆக அனுப்பினால் கூகுள் பக்கத்தில் அந்த இரட்டிப்பு நின்றுவிடும். பல கடைகளில் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சரி, இப்போது பங்கு. வீடியோவில் பங்கு பிரிப்பது ஏன் சிரமம் என்றால், வீடியோவை யாரும் கிளிக் செய்வதில்லை, பார்க்கிறார்கள். பார்த்ததை விற்பனையோடு எப்படி முடிச்சுப் போடுவது என்பதற்கு ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. யூடியூபில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தை ஒருவர் 10 நொடியாவது பார்த்து, கிளிக் செய்யாமல் போய், 3 நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனையில் அந்த வீடியோவுக்கு இடம் உண்டு. கிளிக் செய்திருந்தால் 30 நாள் அவகாசம். இவை நாம் மாற்றாதவரை இருக்கும் அளவுகள். இன்ஸ்டா பக்கம் வழக்கமான அமைப்பு கிளிக்குக்கு 7 நாள், வெறுமனே பார்த்ததற்கு 1 நாள். விரல் நகர்த்தும்போது ரீல் ஒரு கணம் திரையில் வந்து போயிருந்தாலும், அடுத்த 24 மணி நேரத்தில் அவர் சேலை வாங்கினால் "என்னால்தான்" என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இருக்கிறது.

உங்கள் 115-இல் இப்படி வந்தது எத்தனை என்று பார்த்துவிடலாம். மெட்டாவின் விளம்பர மேலாளரில் பத்திகளை மாற்றும் இடத்தில் `Compare attribution settings` என்று இருக்கும். அதில் 1-day view, 7-day click இரண்டையும் தனித்தனியாக டிக் செய்யுங்கள். கூகுளில் `Segment` போய் `Conversions`, அதற்குள் `Ad event type` எடுத்தால் கிளிக்கால் வந்தது எத்தனை, பார்த்து வந்தது எத்தனை என்று பிரித்துக் காட்டும். ஆஃபர் ரீலின் எண்ணிக்கையில் பெரும்பகுதி அந்த ஒரு நாள் பார்வையில் வந்திருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். ஆத்தூரில் ஒரு அம்மா. 1-ஆம் தேதி ராத்திரி வீட்டு டிவியில் சமையல் வீடியோவுக்கு நடுவே உங்கள் தறி வீடியோ வருகிறது. ஊடை குறுக்கே ஓடி முந்தியில் பூ விழுவதை முக்கால் நிமிடம் பார்க்கிறார். 6-ஆம் தேதி கைபேசியில் கட்டிக் காட்டும் ரீலைப் பார்த்து, அதைத் தட்டி, சைட்டில் இரண்டு கலர் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். 13-ஆம் தேதி ஆஃபர் ரீல். 15-ஆம் தேதி தங்கை மகள் வளைகாப்பு ஞாபகம் வந்து கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடி, மேலே வரும் உங்கள் விளம்பரத்தையே கிளிக் செய்து, 1,800 ரூபாய் சேலையை வாங்குகிறார்.

கடைசிக் கிளிக் விதிப்படி 1,800 ரூபாயும் தேடல் விளம்பரத்துக்கு. தறி வீடியோவுக்கு சுழி. நாலு பேருக்கும் சமம் என்றால் ஆளுக்கு 450. முதலுக்கும் கடைசிக்கும் 40 சதவீதம், நடுவில் இருப்பவர்களுக்குள் 20 சதவீதம் என்ற விதியில் தறி வீடியோவுக்கு 720. காலம் போகப் போகத் தேயும் விதி ஒன்று உண்டு, 7 நாள் பழையதானால் மதிப்பு பாதியாகிவிடும். அதன்படி தறி வீடியோவுக்கு 181 ரூபாய், ஆஃபர் ரீலுக்கு 595, தேடலுக்கு 726. அதே அம்மா, அதே சேலை, தறி வீடியோவின் பங்கு மட்டும் சுழியிலிருந்து 720 வரை ஆடுகிறது. எந்த விதி சரி என்று அந்த அம்மாவிடம் கேட்டாலும் தெரியாது. ஏனென்றால் இவை எதுவும் அளவு இல்லை. சொத்தை இப்படிப் பிரிப்போம் என்று உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு, அவ்வளவுதான். கூகுளும் 2023-இல் முதல் கிளிக், சமபங்கு, தேயும் விதி, முதல்-கடைசி விதி நான்கையும் எடுத்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது கடைசிக் கிளிக், அப்புறம் தரவை வைத்து அதுவே கணக்கிடும் முறை, இரண்டுதான்.

தரவை வைத்துக் கணக்கிடுவதன் அடிப்படை யோசனை எளிமையானது, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. வாங்கியவர்களின் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பங்கு தெரியவே தெரியாது. அதே வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களையும் எண்ண வேண்டும். கூட்டாளிகள் சேர்ந்து ஈட்டிய லாபத்தை நியாயமாகப் பிரிப்பது எப்படி என்று லாயிட் ஷாப்லி என்ற கணித அறிஞர் 1953-இல் ஒரு வழி சொன்னார். 2012-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். விளம்பரப் பங்குக்கும் அந்த வழியையே பயன்படுத்துகிறார்கள்.

கணக்கு இப்படி. தறி வீடியோ, ஆஃபர் ரீல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்வது. இரண்டையும் பார்க்காத ஆயிரம் பேரில் 1 ஆள் வாங்குகிறார். தறி வீடியோ மட்டும் பார்த்த ஆயிரம் பேரில் 2. ஆஃபர் மட்டும் பார்த்த ஆயிரம் பேரில் 6. இரண்டும் பார்த்த ஆயிரம் பேரில் 14. இந்த 14-ஐ யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

தறி வீடியோ முதலில் வந்ததாக வைத்தால் அது 1-ஐ 2 ஆக்கியது, சேர்த்தது 1. அதுவே ஆஃபருக்குப் பிறகு வந்ததாக வைத்தால் 6-ஐ 14 ஆக்கியது, சேர்த்தது 8. இரண்டின் சராசரி 4.5, அதுதான் தறி வீடியோவின் பங்கு. ஆஃபர் ரீலுக்கும் அப்படியே: முதலில் வந்தால் 5, பிறகு வந்தால் 12, சராசரி 8.5. இரண்டையும் கூட்டினால் 13. மீதி 1 யாருக்கும் இல்லை, விளம்பரமே இல்லாமலும் வந்திருக்கக் கூடிய ஆள் அது. அந்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்ததுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம். கடைசிக் கிளிக், சமபங்கு எல்லாமே வந்த ஆர்டர் முழுவதையும் விளம்பரங்களுக்குள்ளேயே பங்கு போட்டுவிடுகின்றன, சும்மா வந்தவரையும் சேர்த்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனியாக ஓடும்போது தறி வீடியோ கூட்டிக் கொடுப்பது ஒரே ஒரு ஆளைத்தான். ஆஃபருடன் சேர்ந்தால் எட்டு. அது விற்கும் வீடியோ இல்லை, அடுத்த வீடியோவை விற்க வைக்கும் வீடியோ. பாவு போட்டது மாதிரி. பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகாது, ஆனால் பாவு இல்லாமல் ஊடையை எங்கே ஓட்டுவது?

இதை நான் சூடு பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களிடமும் இதே அமைப்பு: சிவதாபுரம் பக்கம் பட்டறையில் கொலுசுக்கு முத்து வைத்துப் பற்றவைப்பதைக் காட்டும் ஒரு நீள வீடியோ, பின்னால் தள்ளுபடி ரீல். கடைசிக் கிளிக் கணக்கைப் பார்த்து பட்டறை வீடியோ தண்டம் என்று நானே நிறுத்தச் சொன்னேன். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரமும் ஆர்டர் குறையவில்லை, செலவு மட்டும் குறைந்தது. முதலாளிக்கு ரொம்பச் சந்தோஷம், எனக்கு அதைவிட. ஐந்தாவது வாரம் தள்ளுபடி ரீலில் ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு ஏற ஆரம்பித்தது. கடைப் பெயரைக் கூகுளில் தேடுகிறவர்கள் எண்ணிக்கை வாரம் 900 போல இருந்தது, 500 பக்கம் இறங்கிவிட்டது.

காரணம் பிறகுதான் உறைத்தது. தள்ளுபடி ரீல் யாருக்குப் போகிறது? கடந்த 30 நாளில் சைட்டுக்கு வந்தவர்கள், பட்டறை வீடியோ பார்த்தவர்கள் பட்டியலுக்கு. அந்தப் பட்டியலில் புதுப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது நான் நிறுத்திய வீடியோ. குழாயை மூடிய பிறகும் தொட்டியில் 30 நாள் தண்ணீர் இருந்தது. நான் பார்த்துப் பூரித்த அந்த மூன்று வார "லாபம்" தொட்டித் தண்ணீர். அதனால் முதல் வீடியோவை நிறுத்திவிட்டு இரண்டு வாரத்தில் "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் ஆஃபர் ரீலின் பட்டியல் எத்தனை நாள் என்று பாருங்கள். அத்தனை நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வரும்.

அப்படியானால் ஷாப்லி கணக்கையே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முட்டுக்கட்டை இருக்கிறது. ஒன்று, யார் எந்த வீடியோவைப் பார்த்தார்கள் என்று ஆள் ஆளாக யூடியூபும் தராது, இன்ஸ்டாவும் தராது. கூகுளின் கணக்கீடு தன் பக்கப் பார்வைகளை மட்டும் வைத்து நடக்கிறது. இன்ஸ்டாவில் அந்த ஆத்தூர் அம்மா பார்த்த இரண்டு ரீலும் அதற்குத் தெரியாது. போதாததற்கு அவர் தறி வீடியோவைப் பார்த்தது டிவியில், டிவியில் திறந்திருந்தது மகனுடைய கணக்கு, வாங்கியது தன் கைபேசியில். அந்த முதல் பார்வை எந்தப் பாதையிலும் சேராமலே போகலாம். அதைவிடப் பெரியது வாட்ஸ்அப். இளம்பிள்ளையில் நிறைய வியாபாரம் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, ஜிபே போட்டு முடிகிறது. உங்களுக்கும் அப்படி என்றால் அந்த ஆர்டர்கள் எந்தத் தளத்தின் கண்ணிலும் படாது. விளம்பரத்துக்கு ஒன்றாக வாட்ஸ்அப் இணைப்பில் வேறு வேறு வாசகம் வைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Thari%20saree
https://wa.me/91XXXXXXXXXX?text=Offer%20saree
```

வருகிற முதல் செய்தியிலேயே எந்த வீடியோவிலிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். ஆனால் இதுவும் கடைசியாகத் தட்டியதைத்தான் சொல்லும், முன்னால் பார்த்ததைச் சொல்லாது. "எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். கேட்டால் பெரும்பாலும் "இன்ஸ்டாவில்" என்றுதான் பதில் வரும், நேற்று பார்த்தது அதுதானே. இருந்தாலும் யாராவது "டிவியில் தறி ஓடுச்சே, அது நீங்கதானா?" என்று கேட்டால் அந்த ஒரு வரி எந்த ரிப்போர்ட்டிலும் கிடைக்காது.

இரண்டாவது முட்டுக்கட்டை இன்னும் மோசம், ஏனென்றால் தரவு முழுசாகக் கிடைத்தாலும் அது இருக்கும். மேலே ஆஃபர் ரீல் பார்த்த ஆயிரத்துக்கு 6 என்று வைத்தேன் அல்லவா? அந்த ஆயிரம் பேர் யார்? ஏற்கெனவே சைட்டுக்கு வந்து சேலை பார்த்தவர்கள். ஆஃபர் ரீலே இல்லாவிட்டாலும் அவர்களில் 3, 4 பேர் வாங்கியிருப்பார்கள். இரண்டும் பார்க்காத ஆயிரம் பேர் உங்களைக் கேள்விப்பட்டே இராதவர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆஃபர் ரீல் பெரிய வீரனாகத்தான் தெரியும். கோயில் வாசலில் நிற்கும் பூக்காரர் "என்னிடம் பூ வாங்கினவர் எல்லோரும் கோயிலுக்குப் போகிறார்கள்" என்று சொன்ன கதைதான். தேடல் விளம்பரத்துக்கும் இதே நோய். உங்கள் பெயரையே தட்டச்சு செய்கிறவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே இருக்கும் இணைப்பைக் கிளிக் செய்து வந்திருப்பார். இபே நிறுவனம் தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்திச் சோதித்தபோது, விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த இலவச இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். போட்டிக் கடை உங்கள் பெயரில் விளம்பரம் போடாதவரை அந்த 61-ஐ நான் பாதிக்கு மேல் நம்ப மாட்டேன்.

இந்த நோய்க்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: சில ஊர்களில் காட்டாமல் இருந்து பார்ப்பது. அதே கொலுசுக் கடையில் பிறகு இதைச் செய்தோம், இந்த முறை தள்ளுபடி ரீலுக்கு. இன்ஸ்டா கணக்கு மொத்த ஆர்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கு அந்த ரீலே காரணம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. கூரியர் முகவரியில் பின்கோடு இருக்கிறதே, அதன் முதல் மூன்று எண் போதும். 638 ஈரோடு பக்கம், 637 நாமக்கல், 641 கோவை, 620 திருச்சி, 625 மதுரை, 627 திருநெல்வேலி. முந்தைய 8 வார ஆர்டரை இந்த மூன்று எண் வாரியாக எண்ணி, ஏறக்குறைய சமமாக விற்கும் இரண்டிரண்டு பகுதியை ஜோடி சேர்த்தோம். ஜோடியில் யார் எந்தப் பக்கம் என்பதற்குக் காசு சுண்டினோம். நாமே தேர்ந்தெடுத்தால் மனசுக்குப் பிடித்த ஊரை நல்ல பக்கம் போட்டுவிடுவோம். சேலத்தின் 636-ஐச் சேர்க்கவில்லை. இங்கே இருப்பவர்கள் ரீலைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே செவ்வாய்பேட்டை கடைக்கே வந்துவிடுவார்கள், அது கூரியர் நோட்டில் ஏறாது. ஆடி மாதத்தையும் தவிர்த்தோம். கோட்டை மாரியம்மன் திருவிழா, ஆடித் தள்ளுபடி என்று ஒரு ஊர் மாதிரி இன்னொரு ஊர் இருக்காது.

முதல் 8 வாரம், எல்லா ஊரிலும் ரீல் ஓடியபோது, முதல் பிரிவில் 170 ஆர்டர், இரண்டாவதில் 175. அடுத்த 8 வாரம் முதல் பிரிவில் தள்ளுபடி ரீலை நிறுத்தினோம். அங்கே வந்தது 150. ரீல் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பிரிவில் 190. நிறுத்தாமல் இருந்திருந்தால் முதல் பிரிவிலும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும், அதாவது 185 போல வந்திருக்கும். ஆக ரீல் இல்லாததால் போனது 35.

இந்த 35-ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இந்த மாதிரிக் கணக்கில் 28 ஆர்டர் மேலே கீழே போவது சாதாரணம். அதன் இரண்டு மடங்கு, 55 வரை தள்ளாடக்கூட வாய்ப்பு உண்டு. அதனால் உண்மையான இழப்பு சுழியாகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். சோதனை வீண் என்று தோன்றும். ஆனால் இன்ஸ்டா சொன்னதை இதன் பக்கத்தில் வையுங்கள். மூன்றில் இரண்டு ஆர்டர் அந்த ரீலால்தான் என்பது உண்மையானால் 185-இல் 120-க்கு மேல் காணாமல் போயிருக்க வேண்டும், முதல் பிரிவில் 65-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வந்தது 150. ரீலின் சரியான பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனை சொல்லவில்லை, 120 இல்லை என்பதை அடித்துச் சொல்லிவிட்டது. முதலாளி ரீலை நிறுத்தவில்லை, அதன் பட்ஜெட்டைப் பாதியாக்கிப் பட்டறை வீடியோவுக்கு மாற்றினார்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், யூடியூபில் இதே சோதனையைத் தொடங்கியபோது. கூகுளில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வழக்கமாக இருப்பது `Presence or interest`. அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும் இல்லை, அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் விளம்பரம் போகும். மதுரையை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், கோவையை அடிக்கடி தேடும் மதுரைக்காரர்களுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. `Presence` என்பதற்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பத்து நாள் போச்சு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வீடியோவையும் ஒரே நேரத்தில் சோதிக்காதீர்கள், எது எதனால் என்று தெரியாமல் போய்விடும். முதலில் தறி வீடியோ, ஏனென்றால் தம்பி நிறுத்தச் சொல்வது அதைத்தான். ஆஃபர் ரீலின் பட்டியல் 30 நாள் என்றால் பாதி ஊர்களில் தறி வீடியோவை 12 வாரம் நிறுத்துங்கள், முதல் 4 வார ஆர்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது தொட்டித் தண்ணீர். அடுத்த 8 வாரத்தை எண்ணுங்கள். ஆர்டரோடு சேர்த்து இன்னும் இரண்டு எண்ணை வாரா வாரம் குறித்துக்கொள்ளுங்கள்: நிறுத்திய ஊர்களிலிருந்து உங்கள் கடைப் பெயரைத் தேடியவர்கள் எத்தனை, அந்த ஊர்களிலிருந்து சைட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் எத்தனை. ஆர்டரைப் போல் பத்து மடங்கு இருக்கும் எண்கள் இவை, அதனால் தள்ளாட்டம் குறைவு. ஆர்டர் எண்ணிக்கை தெளிவாக ஒன்றும் சொல்லாத கட்டத்திலும் இவை வழி காட்டும். தேடல் விளம்பரமும் ரீல்களும் எல்லா ஊரிலும் அதே பட்ஜெட்டில் ஓடட்டும். நடுவில் ஒரு ஊருக்கு மட்டும் ஆஃபர் கொடுப்பது, ஒரு பிரிவுக்கு மட்டும் இலவச டெலிவரி என்று எதையும் நுழைத்துவிடாதீர்கள்.

தீபாவளிக்கு முன்னால் இதைத் தொடங்க வேண்டாம். சீசனில் பாதி ஊரில் வீடியோவை நிறுத்தினால் வரும் நஷ்டம் கொஞ்சமாக இருக்காது. தை பிறந்த பிறகு ஆரம்பித்தால், பங்குனி முடிவதற்குள் எண்ணிக்கை கையில் இருக்கும். அதுவரை பின்கோடு வாரியாக இப்போதிருந்தே நோட்டில் குறித்து வையுங்கள், ஜோடி சேர்க்க அது வேண்டும். தம்பியிடம் காசு சுண்டும் வேலையைக் கொடுங்கள்.